மின்னுவதெல்லாம் பொன்னல்ல: எந்தச் சொல் எந்தச் சொல்லை விழுங்குகிறது?

நண்பர் ஒருவருக்கு ஒருமுறை 12 கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: “எல்லாக் கோப்புகளும் வரவில்லை.” ஒன்றுமே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பன்னிரண்டையும் மறுபடி அனுப்பினேன். உடனே அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “எதுக்கு எல்லாத்தையும் திரும்ப அனுப்பினீங்க? ஏழாவது மட்டும்தான் வரல. இப்போ எது பழசு, எது புதுசுன்னே தெரியல.”

அவர் எழுதியதில் பிழை இல்லை. பன்னிரண்டில் ஒன்று வராவிட்டாலும் ‘எல்லாக் கோப்புகளும் வரவில்லை’ என்று சொல்லலாம். நான் படித்த விதத்திலும் பிழை இல்லை. பன்னிரண்டும் வராவிட்டாலும் அதே வாக்கியத்தைத்தான் பலர் எழுதுவார்கள். எழுத்து மாறவில்லை, சொல்லின் பொருளும் மாறவில்லை. ஆனாலும் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு செய்திகள் இருந்தன.

இதே முடிச்சு, நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற பழமொழியிலும் இருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் விபரீதமான ஒரு பொருள் கிடைக்கும். மின்னுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அது பொன் அல்ல, ஆகவே பளபளவென்று இருக்கும் தங்க மோதிரமும் தங்கம் இல்லை! யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. மின்னுகிறது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைப் பொன் என்று நம்பிவிடாதே, மின்னுபவற்றில் பொன் அல்லாதவையும் உண்டு என்றுதான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் இந்தப் பழமொழி இதே அமைப்பில்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் மொராக்கோ இளவரசன் தங்கப் பேழையைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் சுருளில் படிப்பது இந்த வரியைத்தான். அங்கும் ‘எல்லாம்’ என்ற சொல் முன்னால் வருகிறது, ‘அல்ல’ பின்னால் வருகிறது, பொருளோ ‘எல்லாமே அல்ல, அல்லாதவையும் உண்டு’ என்பதாக இருக்கிறது.

ஆக, இது ஒரு மொழியின் கோளாறு இல்லை. ‘எல்லாம்’ போன்ற ஒரு சொல்லும் ‘இல்லை’ போன்ற ஒரு சொல்லும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தால், எது எதை விழுங்குகிறது என்ற கேள்வி எழுந்தே தீரும்.

மேசைமேல் ஐந்து பொருள்கள்

சரி, இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு மேசைமேல் ஐந்து பொருள்கள் இருக்கின்றன. ஐந்தும் மின்னுகின்றன. எது பொன், எது பித்தளை என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவர் வந்து “இங்கே மின்னுவதெல்லாம் பொன்னல்ல” என்கிறார். அவர் சொன்னது மெய்யாக இருக்க வேண்டுமானால் மேசைமேல் என்னென்ன நிலைமைகள் இருக்கலாம்?

முதல் வாசிப்பில் ‘அல்ல’ பெரியது. அது ‘மின்னுவதெல்லாம் பொன்’ என்ற முழு வாக்கியத்தையும் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டு, ‘அந்தக் கூற்று சரியல்ல’ என்கிறது. அது சரியல்லாமல் போக ஒரே ஒரு பித்தளைத் துண்டு போதும். பொன்னின் எண்ணிக்கை 0, 1, 2, 3, 4 என்று எதுவாக இருந்தாலும் இந்த வாசிப்பு மெய். ஐந்தும் பொன்னாக இருந்தால் மட்டும் பொய்.

இரண்டாவது வாசிப்பில் ‘எல்லாம்’ பெரியது. அது பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ‘இது பொன் அல்ல, இதுவும் பொன் அல்ல’ என்று ஐந்து முறை சொல்கிறது. ‘அல்ல’ இங்கே சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிட்டது, ‘பொன்’ என்ற சொல்லை மட்டும்தான் மறுக்கிறது. பொன்னின் எண்ணிக்கை 0 என்றால்தான் இந்த வாசிப்பு மெய்.

ஒவ்வொரு பொருளும் பொன்னாகவோ பொன் அல்லாததாகவோ இருக்கலாம் என்பதால், ஐந்து பொருள்களுக்கு மொத்தம் 32 விதமான நிலைமைகள் உண்டு. முதல் வாசிப்பு அவற்றில் 31 நிலைமைகளில் மெய்யாகிறது. இரண்டாவது வாசிப்பு ஒரே ஒரு நிலைமையில்தான் மெய்யாகிறது. முதல் வாசிப்பு எவ்வளவு தளர்வானது, இரண்டாவது எவ்வளவு இறுக்கமானது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

ஒரு சொல் எவ்வளவு தூரத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறதோ, அதை அந்தச் சொல்லின் வீச்சு என்று சொல்லலாம். முதல் வாசிப்பில் மறுப்பின் வீச்சு அகலம், இரண்டாவதில் குறுகல். தர்க்கவியலில் இதை எழுதும் முறை அழகானது, ஏனென்றால் அங்கே எது பெரியது என்று சொல்லாமல் எழுதவே முடியாது:

```
¬∀x (M(x) → P(x))
∀x (M(x) → ¬P(x))
```

`¬` மறுப்பு, `∀` ‘எல்லாம்’, `x` ஏதோ ஒரு பொருள், `→` ‘என்றால்’, `M` ‘மின்னுகிறது’, `P` ‘பொன்’. மேல்வரியில் மறுப்பு வாசலிலேயே நிற்கிறது. கீழ்வரியில் அது உள்ளே போய் `P` என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. நாம் பேசும் மொழிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நாம் சொற்களை வரிசையாகக் கோத்துவிடுகிறோம், அடைப்புக்குறியைக் கேட்பவர் போட்டுக்கொள்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தும் பித்தளை என்றால் இரண்டு வாசிப்புகளும் மெய். ‘எதுவும் பொன் அல்ல’ என்பது மெய்யானால் ‘எல்லாமே பொன் என்பது சரியல்ல’ என்பதும் மெய்யாகிவிடுகிறது. (மேசையில் மின்னும் பொருள் ஒன்றாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மேசை காலியாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி போகும்.) ஐந்தும் பொன் என்றால் இரண்டும் பொய். இரு வாசிப்புகளும் பிரிவது நடுவில்தான், அதாவது கொஞ்சம் பொன், கொஞ்சம் பித்தளை என்ற நிலையில். என் நண்பரின் 12 கோப்புகள் நின்றது அந்த நடுவில்தான். 11 வந்து 1 வராத நிலையில் அவருடைய வாசிப்பு மெய், என்னுடைய வாசிப்பு பொய். ஒன்றுகூட வராமல் போயிருந்தால், நாங்கள் வேறு வேறு பொருளில் புரிந்துகொண்டோம் என்பதே எங்களுக்குக் கடைசிவரை தெரியாமல் போயிருக்கும்.

நம் இலக்கணம் இதைப் பார்த்திருக்கிறது

நவீன மொழியியல் கண்டுபிடித்த சங்கதி இது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் நன்னூலில் உம்மை பற்றிய பகுதியைப் படித்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

‘எல்லாரும்’, ‘பத்தும்’, ‘இருவரும்’ போன்ற சொற்களின் கடைசியில் ஓர் ‘உம்’ இருக்கிறது. ஒன்றும் மிச்சமில்லாமல் முழுவதையும் சுட்டும் இந்த ‘உம்’முக்கு முற்றும்மை என்று பெயர். அதைச் சொல்லிவிட்டு நன்னூல் உடனே ஒரு வரி சேர்க்கிறது: “முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்.” முழுவதையும் சுட்டும் அந்த ‘உம்’ சில இடங்களில் மிச்சத்தையும் சுட்டும் என்று பொருள். எச்சம் என்றால் எஞ்சியது. தொல்காப்பியமும் இதற்கு முன்பே இதே கருத்துக்கு ஒரு நூற்பா வைத்திருக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘பத்தும் கொடால்’ என்பது. கொடால் என்றால் கொடுக்காதே. பத்தையும் கொடுத்துவிடாதே என்கிறபோது, சிலவற்றைக் கொடு, கொஞ்சம் மிச்சம் வை என்ற பொருள் கிடைக்கிறது.

எந்த இடத்தில் இது நடக்கிறது என்று பாருங்கள். ‘பத்தும் கொடு’ என்றால் மிச்சமே இல்லை, அங்கே உம்மை முழுமையைத்தான் காட்டுகிறது. ‘கொடாதே’ என்ற எதிர்மறை வந்து சேர்ந்ததும் அந்த முழுமை உடைகிறது. மறுப்பு ‘பத்தும்’ என்பதைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. மறுக்கப்படுவது கொடுப்பது அல்ல, முழுவதையும் கொடுப்பது. மேலே பார்த்த முதல் வாசிப்பேதான் இது. வீச்சு என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை, ஆனால் அது விட்டுச்செல்லும் தடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். ‘ஒரோவழி’, அதாவது ‘சில இடங்களில்’ என்று சொன்னதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எல்லா இடத்திலும் அப்படி ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் எந்த இடத்தில் ஆகும், எந்த இடத்தில் ஆகாது? இதுதான் இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி.

‘எல்லாரும் வரவில்லை’, ‘இருவரும் வரவில்லை’

இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘இருவரும் வரவில்லை’ என்றால் இரண்டு பேரில் ஒருவர்கூட வரவில்லை. இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஒருவர் வந்து மற்றவர் வராமல் இருந்தால் ‘ஒருவர்தான் வந்தார்’ என்போமே தவிர, ‘இருவரும் வரவில்லை’ என்று சொல்ல மாட்டோம். ‘எல்லாரும் வரவில்லை’ என்பது அப்படியில்லை. ‘எல்லாரும் வரவில்லை, பாதிப் பேர்தான் வந்திருக்கிறார்கள்’ என்று தொடர்ந்தால் அது இயல்பாக இருக்கிறது.

இரண்டிலும் அதே உம்மை, அதே ‘வரவில்லை’. பிறகு எப்படி வேறுபடுகிறது? இருவர் என்னும்போது, இன்னார் இன்னார் என்று இரண்டு பேர் நம் மனத்தில் ஏற்கெனவே நிற்கிறார்கள். அவர்களைச் சுட்டிக்காட்டி, அவர்களைப் பற்றி ‘வரவில்லை’ என்கிறோம். சுட்டப்பட்டவர்கள் வாக்கியத்தின் வாசலில் நிற்க, மறுப்பு உள்ளே போய்விடுகிறது. ‘எல்லாரும்’ என்னும்போது ஆட்களைவிட முழுமைதான் பேச்சாக இருக்கிறது. முழுக் கூட்டமும் வருமா வராதா என்பதே கேள்வி, அதற்கு ‘முழுதும் இல்லை’ என்பது பதில். ‘எங்கள் வீட்டில் ஐந்து பேரும் வரவில்லை’ என்றால் மறுபடியும் ஒருவரும் வரவில்லை என்ற பக்கமே சாய்கிறது. ஐந்து பேரும் தெரிந்த முகங்கள்.

வினையும் இதில் கை வைக்கிறது. ‘இது எல்லாருக்கும் பிடிக்காது’ என்றால், சிலருக்குத்தான் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை’ என்றால், என் காதுக்கு, எல்லாருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற பொருள்தான் முதலில் கேட்கிறது. ‘பிடிக்காது’ ஒரு பொதுவான கணிப்பு, அங்கே ‘எல்லாருக்கும்’ என்பது பேசுபவர் மறுக்கிற பொதுமை. ‘பிடிக்கவில்லை’ நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அதிலும் ‘பிடிக்கவில்லை’ என்பது ‘வெறுத்தார்கள்’ என்பதற்குப் பக்கத்தில் போய் ஒரே சொல்லைப் போல இறுகிவிட்டது. மறுப்பு வினையோடு ஒட்டிப் போனால் வெளியே வந்து ‘எல்லாருக்கும்’ என்பதை விழுங்க அதற்கு வலு இருக்காது. உங்கள் காது இதற்கு மாறாகச் சொன்னால் அதிலும் வியப்பில்லை. இந்த வகை வாக்கியங்களில் ஒரே மொழியைப் பேசுகிறவர்களின் தீர்ப்பும் ஆளுக்கு ஆள் மாறும்.

பேச்சில் குரல் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ‘எல்லாரும்’ என்பதை அழுத்தி, கொஞ்சம் ஏற்றி, அங்கே ஒரு நொடி தொங்கவிட்டு ‘வரல’ என்றால், ‘சிலர் வந்தாங்க’ என்ற தொடர்ச்சி காதில் விழுந்த மாதிரியே இருக்கும். சமமாகச் சொல்லி ‘வரல’ என்பதில் இறக்கினால் ஒருவரும் வரவில்லை என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் இறங்கி ஏறும் குரலுக்கும் ‘எல்லாமே அல்ல’ என்ற பொருளுக்கும் உள்ள தொடர்பை ரே ஜாக்கெண்டாஃப் என்ற மொழியியலாளர் 1972-இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். எழுத்தில் இந்த உதவி கிடைப்பதில்லை. என் நண்பர் போனில் சொல்லியிருந்தால் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

‘யாரும்’ இருக்கும்போது ‘எல்லாரும்’ எதற்கு?

‘ஒருவரும் இல்லை’ என்ற பொருளுக்குத் தமிழில் தனியாகவே சொற்கள் உண்டு: யாரும், எவரும், எதுவும், ஒன்றும், ஒருவர்கூட. ‘யாரும் வரவில்லை’ என்பதில் மயக்கமே கிடையாது. இந்தச் சொற்கள் மறுப்பின் நிழலில் வாழ்பவை. ‘யாரும் வந்தார்கள்’ என்று தனியாகச் சொன்னால் வாக்கியம் நிற்காது.

இப்படி ஒரு தெளிவான சொல் கையில் இருந்தும் ஒருவர் ‘எல்லாரும் வரவில்லை’ என்கிறார் என்றால், அவர் சொல்ல வந்தது அதுவாக இருக்காது என்று கேட்பவர் ஊகிக்கிறார். ஒருவரும் வரவில்லை என்பதுதான் எண்ணம் என்றால் ‘யாரும்’ என்றே சொல்லியிருப்பாரே! இந்த ஊகம்தான் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பதைச் சரியான பக்கம் தள்ளுகிறது. எதுவுமே பொன் இல்லை என்று சொல்ல வந்திருந்தால் பழமொழி ‘மின்னுவது எதுவும் பொன்னில்லை’ என்று பிறந்திருக்கும். பொன் மின்னும் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதும் கூடவே உதவுகிறது. கோப்புகளைப் பற்றி அப்படி முன்கூட்டியே தெரிந்த உண்மை எதுவும் இல்லாததால்தான் நான் வழுக்கினேன்.

மறுபக்கத்துக்கு, அதாவது ‘எல்லாமே அல்ல’ என்ற பொருளுக்கு, அப்படி ஒரு தனிச்சொல் கிடையாது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து தர்க்கவியலில், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல, நான்கு வகைக் கூற்றுகள் பேசப்படுகின்றன: எல்லாம், எதுவும் இல்லை, சில, எல்லாமே அல்ல. முதல் மூன்றுக்கும் பல மொழிகளில் ஒற்றைச் சொல் இருக்க, நான்காவது மூலை மட்டும் காலியாகவே கிடக்கிறது என்று லாரன்ஸ் ஹார்ன் என்ற மொழியியலாளர் கவனித்துச் சொன்னார். அந்த மூலையைச் சுட்ட வேண்டியபோதெல்லாம் மக்கள் ‘எல்லாம்’ என்பதையும் ‘இல்லை’ என்பதையும் சேர்த்து ஒட்டவைக்கிறார்கள். ஒட்டிய இடத்தில்தான் இந்த மயக்கம் முளைக்கிறது.

குழந்தைகளும் ஒரு வேலியும்

சிறு குழந்தைகளிடம் பொம்மைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். மூன்று குதிரைகளில் இரண்டு வேலியைத் தாண்டுகின்றன, ஒன்று தாண்டவில்லை. ‘எல்லாக் குதிரைகளும் வேலியைத் தாண்டவில்லை’ என்ற மாதிரியான ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, இது சரியா என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் ‘சரி, ஒன்று தாண்டவில்லையே’ என்கிறார்கள். ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளில் பலர் ‘தப்பு, இரண்டு தாண்டியதே’ என்கிறார்கள். அவர்கள் கேட்டது ‘எதுவும் தாண்டவில்லை’ என்ற வாசிப்பை. ஜூலியன் முசோலினோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கண்டது இது.

சொற்கள் வரும் வரிசையில்தான் குழந்தை வீச்சைக் கணக்கிடுகிறதா? ஆங்கிலத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே வாக்கிய அமைப்பும் சொல் வரிசையும் ஒரே திசையில் போகின்றன. அதனால் ஜெஃப்ரி லிட்ஸும் முசோலினோவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் கன்னடத்துக்குப் போனார்கள். நம் மொழியைப் போலவே கன்னடத்திலும் செயப்படுபொருள் முன்னால் வரும், மறுப்பு வினையோடு சேர்ந்து கடைசியில் வரும். ‘இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவில்லை’ என்ற அமைப்பில் ‘இரண்டு’ முதலில் காதில் விழுகிறது, மறுப்பு பிறகுதான் வருகிறது. வரிசைதான் காரணம் என்றால் கன்னடக் குழந்தைகள் ‘இரண்டு’ என்பதைப் பெரியதாக, அதாவது ‘கண்டுபிடிக்கப்படாத இரண்டு பேர் இருக்கிறார்கள்’ என்று எடுத்திருக்க வேண்டும். ஆனால் நான்கு வயதுக் குழந்தைகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஒரே மாதிரி, மறுப்பையே பெரியதாக எடுத்துக்கொண்டார்கள். எது முதலில் வந்தது என்பதை அல்ல, வாக்கியத்துக்குள் எது எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்பதையே அவர்கள் பின்பற்றினார்கள். கடைசியில் வரும் ‘இல்லை’ கடைசியில் வருவதாலேயே சின்னதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பூட்டு எங்கே இருக்கிறது

எழுதும்போது எது பெரியது என்பதைப் பூட்டிவைக்கத் தமிழில் வழிகள் இருக்கின்றன. ‘எதுவும் இல்லை’ என்ற பக்கத்துக்கு ‘யாரும்’, ‘ஒன்றும்’ போதும். அதைத் தவிர, மறுப்பை ஒரு வினையெச்சத்துக்குள் அடைத்துவிடலாம். ‘எல்லாரும் வராமல் இருந்துவிட்டார்கள்’ என்று எழுதினால், சிலர் வந்தார்கள் என்று யாராலும் படிக்க முடியாது. மறுப்பு ‘வராமல்’ என்பதற்குள் பூட்டப்பட்டுவிட்டது. அதன் மேல் ‘இருந்துவிட்டார்கள்’ என்று உடன்பாட்டு வினை உட்கார்ந்திருக்கிறது, அந்த வினையின் எழுவாயாக ‘எல்லாரும்’ வெளியே நிற்கிறது.

ஆனால் ‘வராமல்’ என்ற சொல்லுக்கே அந்த மந்திரம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ‘எல்லாரும் வராமல் கூட்டம் தொடங்காது’ என்பதைப் பாருங்கள். இங்கே முழுக் கூட்டமும் வந்தால்தான் தொடங்கும், ஒருவர் குறைந்தாலும் தொடங்காது. ‘எல்லாரும்’ இப்போது ‘வராமல்’ என்பதன் எழுவாயாக அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது, அதனால் மறுப்பு அதை விழுங்கிவிடுகிறது. ‘எல்லாரும் வராமல்’ என்ற அதே இரண்டு சொற்கள், அதே வரிசை. அறையின் சுவர் எங்கே இருக்கிறது என்பதுதான் மாறியது.

‘எல்லாமே அல்ல’ என்ற பக்கத்துக்குத் தமிழ் வைத்திருக்கும் நல்ல கருவி ‘விடு’ என்ற துணைவினை. ‘எல்லாரும் வந்துவிடவில்லை’, ‘மின்னுவதெல்லாம் பொன்னாகிவிடாது’. இந்த ‘விடு’ நுழைந்ததும் ஒரு காரியம் முழுமையாக முடிந்தது என்ற எண்ணம் உள்ளே வருகிறது, மறுப்பு அந்த முழுமையைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ‘எல்லாரும் வந்துவிடவில்லை’ என்பதை ஒருவரும் வரவில்லை என்று படிக்க என்னால் முடியவில்லை. ‘எல்லாரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது’ என்று நீட்டி எழுதினாலும் அதே பலன்தான். மறுப்பு தனி வினையாக வெளியே போய், மீதி வாக்கியம் முழுவதும் அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு வாக்கியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். அதன் பின்னால் ‘சில மட்டும்...’ என்று ஒரு தொடர்ச்சியை ஒட்டிப் பார்ப்பேன், பிறகு அதை எடுத்துவிட்டு ‘ஒன்றுகூட...’ என்று ஒட்டிப் பார்ப்பேன். ‘எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை, சில மட்டும் ஏற்கப்பட்டன.’ ஒட்டுகிறது. ‘எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை, ஒன்றுகூட ஏற்கப்படவில்லை.’ கொஞ்சம் தயங்கினாலும் இதுவும் ஒட்டுகிறது. இரண்டும் ஒட்டினால் அந்த வாக்கியத்தை அப்படியே அனுப்பக் கூடாது. விதிமுறையிலோ ஒப்பந்தத்திலோ அது இருந்தால் நிச்சயமாகக் கூடாது, ஏனென்றால் அங்கே படிப்பவர் தனக்குச் சாதகமான பக்கத்தில்தான் அடைப்புக்குறியைப் போடுவார்.

எண் தெரிந்திருந்தால் எண்ணைச் சொல்வதே எனக்குப் பிடித்த வழி. என் நண்பரின் வரியைப் பின்னாளில் அவரும் நானும் சேர்ந்தே திருத்தி எழுதிப் பார்த்தோம்: “12 கோப்புகளில் 11 வந்துவிட்டன, ஏழாவது வரவில்லை.” ‘எல்லாம்’ என்ற சொல்லே அதில் இல்லை. ‘வரவில்லை’ என்பதற்கு விழுங்க ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது.